சுனைத்துளி என்று யாரும் இல்லை

கோச்சடையில் அந்தக் கட்டடத்தின் நெற்றியில் ஒரு பெரிய நீலப் பலகை இருந்தது. அதில் ஒரு நீர்த்துளிப் படமும் ‘சுனைத்துளி டிரிப்ஸ்’ என்ற எழுத்தும். தேனி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியும். தபால்காரர், லாரிக்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் அந்த இடத்தைச் சுனைத்துளி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அரசாங்கத்தின் பதிவேட்டில் அப்படி ஒரு கம்பெனி கிடையாது என்பது கைலாசநாதனுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அங்கே கணக்கு எழுதுகிறவர் அவர்.

பதிவான பெயர் சௌரி பாலிமர்ஸ் பிரைவேட் லிமிடெட். வங்கிக் கடன், வருமான வரி, மின் இணைப்பு எல்லாம் அந்தப் பெயரில். அவர்கள் செய்த சொட்டுநீர்க் குழாய்க்கு வைத்த பெயர்தான் சுனைத்துளி. குழாயை விற்றது மூன்றாவது ஒன்று. சிம்மக்கல்லில் ஒரு சின்னக் கடை, ஸ்ரீமங்கை ஏஜென்சீஸ். அது முதலாளி சௌரிராஜனின் மனைவி அலர்மேல்மங்கையின் பெயரில் இருந்த தனி வியாபாரம். கம்பெனி ஏஜென்சிக்கு பில் போடும், ஏஜென்சி விவசாயிக்கு பில் போடும். அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். மூன்று பெயருக்கும் பில் புத்தகம் அடித்துக்கொடுத்தது ஒரே அச்சகம். மூன்றையும் சரிபார்த்து வாங்கியது கைலாசநாதன்.

லெட்டர்பேடிலும் பலகையைப் போலவே சுனைத்துளி டிரிப்ஸ் என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கம்பெனிச் சட்டப்படி கடிதத்திலும் பில்லிலும் பதிவான பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அவர் ஒருமுறை முதலாளியிடம் சொன்னார். லிமிடெட் அது இது என்று போட்டால் பார்க்க நன்றாக இல்லை, அடுத்த தடவை அடிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சௌரிராஜன். அடுத்த தடவையும் அதே அச்சுதான் வந்தது. அவர் மறுபடி சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி விட்டுப்போன விஷயங்கள் அந்த அலுவலகத்தில் அவருக்கு நிறைய இருந்தன.

எழுமலையிலிருந்து முத்துத்தாய் என்ற பெண் 1998 தை முடிந்த கையோடு சிம்மக்கல் கடையில் குழாய் வாங்கினாள். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், தக்காளியும் கத்தரியும். புருஷன் முத்திருளனுக்கு இளைப்பு நோய் என்பதால் தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு பில். சித்திரை வெயிலில் குழாய் வெளுத்தது. வைகாசியில் தொட்ட இடமெல்லாம் விரிசல் விட்டது. தண்ணீர் செடிக்குப் போகாமல் பாத்தியின் நடுவில் பீய்ச்சியது. அந்தத் தக்காளி அத்தோடு போயிற்று.

அவள் யாரிடமோ சொல்லி ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். கைலாசநாதன் அதை முதலாளியிடம் கொண்டுபோனார். அந்த மாதம் வந்த பிளாஸ்டிக் குருணை சரியில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வெயிலைத் தாங்கக் கலக்க வேண்டிய கருப்புப் பொடியைக் குறைத்துக் கலந்திருந்தார்கள். ஆனால் ஒருத்திக்குக் குழாய் மாற்றிக் கொடுத்தால் நாற்பது பேர் வருவார்கள் என்றார் சௌரிராஜன். ஏதாவது பதில் எழுதிப் போடும்படி சொன்னார்.

கைலாசநாதன் எழுதினார். தங்கள் கடிதம் கிடைத்தது, எங்கள் குழாய்களில் எந்தக் குறையும் இல்லை, தங்கள் கிணற்று நீரில் உப்பு அதிகம் இருக்கலாம், எங்கள் ஆள் வந்து பார்ப்பார் என்று நான்கு வரி. கீழே ‘சுனைத்துளி டிரிப்ஸுக்காக’ என்று தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டார். 1998 ஜூலை பத்தாம் தேதி. அப்படி எத்தனையோ கடிதம் அவர் எழுதியிருந்தார். இதுவும் அதில் ஒன்று.

ஆள் யாரும் எழுமலைக்குப் போகவில்லை.

ஒன்றேமுக்கால் வருடம் கழித்து, 2000 மார்ச்சில், மாவட்ட நுகர்வோர் மன்றத்திலிருந்து பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. எதிர்தரப்பு என்ற இடத்தில் ‘சுனைத்துளி டிரிப்ஸ், கோச்சடை’ என்று இருந்தது. மன்றத்தில் வழக்குப் போட வக்கீல் தேவையில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் தட்டச்சு செய்கிறவர் எழுதிக் கொடுத்ததை அவளே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். சிம்மக்கல் கடை அதற்குள் மூடப்பட்டுவிட்டதால், தனக்குப் பதில் எழுதிய பெயரையும் முகவரியையுமே அவள் போட்டிருந்தாள்.

சௌரிராஜன் உடனே வக்கீல் கிருஷ்ணபிரசாத்துக்கு போன் செய்தார். பேசி வைத்துவிட்டு, தபாலை வாங்க வேண்டாம் என்றார். வாங்க மறுத்ததாக எழுதினாலும் ஆபத்து, மறுத்தால் வாங்கின கணக்குதான். அந்தப் பேரில் இங்கே கம்பெனி இல்லை என்று சொல்லித் திருப்ப வேண்டும்.

கைலாசநாதன் வெளியே வந்து தபால்காரர் காளையிடம் சொன்னார். காளை தலைக்கு மேலிருந்த நீலப் பலகையைப் பார்த்தார்.

“என்ன சாமி, நேத்துக்கூட இதே பேருக்கு மூணு தபால் குடுத்தேன். வாங்கிக்கிட்டீங்களே.”

“இதுக்கு மட்டும் அப்படி எழுதுங்கோ காளை. மேல கேக்காதீங்கோ.”

காளை கேட்கவில்லை. ‘இப்பெயரில் இங்கு எவரும் இல்லை’ என்று கவரின் மேல் எழுதிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

ஏப்ரலில் அவளே வந்தாள். எழுமலையில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, காளவாசலில் இறங்கி நடந்து வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் திரும்பி வந்த கவர். மன்றத்தில் சரியான பேரையும் விலாசத்தையும் கொண்டுவரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். முதலாளி உள்ளேதான் இருந்தார். கைலாசநாதன், முதலாளி ஊரில் இல்லை, பிறகு வந்து பாருங்கள் என்றார். ஜூன் மாதம் மறுபடி வந்தாள். முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றார். அன்று அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல முதலாளி தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் முறை ஆகஸ்டில் வந்தாள். அன்று சௌரிராஜன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பையிலிருந்து பில்லை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“அய்யா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். குழாயில சுனைத்துளின்னு இருக்கு. இந்தச் சீட்டுல சுனைத்துளின்னு இருக்கு. நீங்க போட்ட கடுதாசியில இருக்கு. வாசல்ல போர்டு இருக்கு. ஆனா அப்படி யாரும் இல்லேங்கிறீக. அப்ப நான் யார்ட்டதான் வாங்குனேன்?”

கைலாசநாதன் பில்லைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மேலே நீர்த்துளிப் படத்தோடு சுனைத்துளி என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே சிறிதாக ஸ்ரீமங்கை ஏஜென்சீஸ். வலது மூலையில் விற்பனை வரி எண். கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. அவர் பார்த்து அடிக்கக் கொடுத்த பில்தான். இத்தனை வருடத்தில், ஒன்றும் தெரியாத ஒருவர் இதை எப்படிப் படிப்பார் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் மெதுவாக விளக்கினார். சுனைத்துளி என்பது சரக்குக்கு வைத்த பெயர். மாட்டுக்குப் பெயர் வைக்கிற மாதிரி. மாட்டின் மேல் வழக்குப் போட முடியாது, மாட்டுக்காரர் மேல்தான் போடலாம். விற்றது ஸ்ரீமங்கை ஏஜென்சீஸ். அது கடைக்கு வைத்த பெயர், கடைக்காரி ஒரு அம்மா. குழாயைச் செய்தது வேறு ஒரு கம்பெனி.

“மூணு பேரா?”

“ஆமாம்மா.”

“மூணுல ஒருத்தரும் இல்லேன்னு சொல்லத்தான் மூணு பேரு வச்சீகளா?”

கைலாசநாதன் பில்லை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்து அவளைப் பின்பக்கம் அழைத்துப்போனார். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், சுவரில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு தகரம் ஆணியடித்திருந்தது. சௌரி பாலிமர்ஸ் பிரைவேட் லிமிடெட், பதிவு அலுவலகம். பதிவான பெயரை வெளியே வைத்தாக வேண்டும் என்பதற்காக வைத்தது. அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவர் ஒரு தாளில் அந்தப் பெயரை எழுதி, கீழே அலர்மேல்மங்கையின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

“இத சித்திரையில வந்தப்பவே சொல்லியிருக்கலாமே அய்யா,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. மூன்று தடவை பஸ் ஏறி வந்த அலுப்போடு சொன்னாள்.

சித்திரையிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு வித்தியாசம் வந்திருக்கும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. குறை தெரிந்து இரண்டு வருடத்துக்குள் மன்றத்துக்குப் போக வேண்டும். அவர் எழுதிய மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து கணக்கிட்டாலும் 2000 ஜூலை பத்தோடு அது முடிந்தது. அவள் புதுப் பெயர்களைச் சேர்த்துத் திருத்த மனுக் கொடுத்தது ஆகஸ்ட் கடைசியில்.

கிருஷ்ணபிரசாத்தின் பதில் மனு அதை அப்படியே பிடித்துக்கொண்டது. சுனைத்துளி டிரிப்ஸ் என்பது சட்டத்தின் கண்ணில் ஆளே இல்லை, வெறும் வணிகச் சின்னம். அதன் மேல் போட்ட புகார் புகாரே இல்லை. இப்போது கொண்டுவந்திருக்கும் இருவரும் புதியவர்கள். புதியவர்களைச் சேர்த்த தேதியில் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. தள்ளுபடி செய்ய வேண்டும்.

அதற்குள் முத்துத்தாய்க்கு ஒரு வக்கீல் கிடைத்திருந்தார். பிருந்தா என்ற இளம்பெண். மன்றத்தில் வேறு ஒரு வழக்குக்கு வந்தவர், மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தவளிடம் காகிதங்களை வாங்கிப் பார்த்து, தானே ஆஜராகிறேன் என்றாராம். அவருடைய வாதம் வேறு. இது புது ஆளைச் சேர்ப்பது இல்லை, இருக்கிற ஆளின் பெயரைத் தப்பாகச் சொன்னதைத் திருத்துவது. தப்பான பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், காலக்கெடு அதற்குக் கிடையாது. தப்பு அவளுடையதும் இல்லை. கம்பெனியே அந்தப் பெயரில் அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அந்த நான்கு வரிக் கடிதத்தை அவர் சான்றாகப் போட்டார்.

வழக்கு முழுக்க அந்தக் கடிதத்தின் மேல் வந்து நின்றது. அதை எழுதியது கம்பெனி என்றால் பெயர்தான் பிழை. கம்பெனி எழுதவில்லை என்றால் ஆளே வேறு.

நோட்டீஸ் அலர்மேல்மங்கையின் வீட்டுக்கும் போயிருந்தது. ஒரு நாள் காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். அங்கே அவர் வருவது அபூர்வம். கைலாசநாதனின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தன் பெயரில் ஒரு கடை இருந்தது தெரியும், அதில் தான் என்ன செய்தோம் என்று தெரியாது என்றார்.

“கையெழுத்தெல்லாம் நான் போட்டதுதான் சார். அவங்க கொண்டாந்து நீட்டுவாங்க, அடுப்படியில வச்சே போட்டுக் குடுப்பேன். எதுலன்னு கேட்டதில்ல. இப்ப கோர்ட்டுல எம்பேரக் கூப்பிடுவாங்களா?”

கூப்பிடலாம் என்றார் கைலாசநாதன். தனி ஆளின் வியாபாரம் என்றால் கடையும் உரிமையாளரும் ஒன்றுதான், கடையை மூடினாலும் பொறுப்பு அவரிடம்தான் இருக்கும் என்று சொன்னார். அந்த அம்மா எழுந்தார். உள்ளே போய்ப் புருஷனிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். குரல் உயரவில்லை, ஆனால் நெடுநேரம் பேசினார். வெளியே வந்தபோது கைலாசநாதனைப் பார்க்காமல் போனார்.

2001 நவம்பரில் கிருஷ்ணபிரசாத் கம்பெனி தரப்புக்கு ஒரு வாக்குமூலம் தயாரித்து அனுப்பினார். கணக்கர் கைலாசநாதன் கம்பெனிக்காகக் கையெழுத்திட வேண்டியது. அவர் இரண்டு பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்து ஏழாவது பத்தியில் நின்றார். மனுதாரர் காட்டும் கடிதம் இந்தக் கம்பெனியால் அனுப்பப்பட்டதல்ல, அப்படிக் கடிதம் அனுப்ப யாருக்கும் கம்பெனி அதிகாரம் தரவில்லை என்று அதில் இருந்தது.

அவர் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். ஏழாவது பத்தியை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

சௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அந்த வருடம் நல்லதாக இல்லை. வங்கிக்கு இரண்டு தவணை பாக்கி. வடக்கேயிருந்து வந்த பெரிய கம்பெனிக் குழாய்கள் பாதி விலைக்கு விற்றன. பதினெட்டாயிரத்தை அவள் முகத்தில் எறிந்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்த மாத உருப்படி மட்டும் நாற்பது தோட்டத்துக்குப் போயிருக்கிறது என்றார். ஒரு தீர்ப்பு வந்தால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

பிறகு தணிந்த குரலில் இன்னொன்று சொன்னார். பதிவான பெயர் இல்லாமல் கம்பெனி கடிதம் அனுப்பினால், கையெழுத்துப் போட்ட அலுவலருக்குத்தான் சட்டத்தில் அபராதம். வக்கீல் சொன்னது அது. “அந்த லெட்டர நீங்க எழுதுனதுன்னு ஒத்துக்கிட்டா, மொதல்ல உங்களுக்குத்தான் சார் வரும். நான் உங்களுக்காகவும்தான் சொல்றேன்.”

“எழுதினது நான் தானே சார்,” என்றார் கைலாசநாதன். “என் கையெழுத்த நான் இல்லேன்னு எப்படிச் சொல்றது?”

சௌரிராஜன் வாதாடவில்லை. வாக்குமூலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் இயக்குநர் என்ற முறையில் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஏழாவது பத்தி அப்படியே இருந்தது.

வீட்டில் மனைவி வாலாம்பாளிடம் கைலாசநாதன் இதைச் சொன்னபோது, வேலை போய்விடுமா என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, அந்தக் கடன் முடியவில்லை. அவள் தட்டைக் கழுவப் போனாள்.

ஜனவரியில் கைலாசநாதனின் பெயருக்கே மன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. கடிதத்தில் கையெழுத்திட்டவரை விசாரிக்க வேண்டும் என்று பிருந்தா கேட்டிருந்தார். அழைப்பாணையை முதலாளியிடம் காட்டினார். போய்த்தானே ஆக வேண்டும் என்றார் சௌரிராஜன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி சொன்னார்.

மன்றம் ஒரு பழைய அரசு அலுவலகத்தின் மாடியில் இருந்தது. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி, இருபக்கமும் இரண்டு உறுப்பினர்கள், அதில் ஒருவர் பெண். மின்விசிறி சத்தத்தில் பேசுவது பாதி கேட்காது. காலை பதினொன்றுக்கு உட்கார்ந்தவரை மூன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். பின்வரிசையில் முத்துத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிருந்தா கடிதத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றார். யார் சொல்லி எழுதினீர்கள் என்றார். முதலாளி என்றார். எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள், சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டார். சௌரி பாலிமர்ஸ் பிரைவேட் லிமிடெட். அந்தக் கம்பெனியின் கடிதங்கள் எந்தத் தலைப்பில் போகும்? எல்லாம் இதே தலைப்பில்தான். சுனைத்துளி டிரிப்ஸ் என்று வரும் தபால்களை யார் வாங்குவார்கள்?

“நான்தான் வாங்குவேன். தினமும் வரும். இந்த மன்றத்திலிருந்து வந்த ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் வாங்கியிருக்கேன்.”

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

கிருஷ்ணபிரசாத் குறுக்கு விசாரணை செய்தார். கம்பெனியின் பெயர் இல்லாமல் கடிதம் அனுப்புவது தவறு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். தெரிந்தும் கையெழுத்திட்டீர்களா? ஆமாம். அப்படியானால் அதைக் கம்பெனியின் கடிதம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கைலாசநாதன் கொஞ்சம் யோசித்தார். கால் வலித்தது. பக்கத்திலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“பேர் போடாதது எங்க தப்பு. கம்பெனி எழுதலேங்கறது வேற. எழுதினது கம்பெனிதான்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. கீழே இறங்கி வந்தபோது மணி நாலு. அழைப்பாணையில் வந்தவருக்குக் கொடுக்கும் படிக்காசை வாங்க வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். அவர் நிற்கவில்லை.

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கம்பெனி தானே வைத்துக்கொண்ட பெயரால் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிவிட்டு, அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது என்றது மன்றம். சுனைத்துளி டிரிப்ஸ் என்று சொன்னது சௌரி பாலிமர்ஸ் பிரைவேட் லிமிடெட்டைத்தான். அது ஆள் மாற்றம் இல்லை, பெயர்த் திருத்தம். ஆகவே புகார் முதலில் கொடுத்த தேதியிலேயே கொடுத்ததாகும். குழாய்க்கான பதினெட்டாயிரத்து நானூறும் நஷ்ட ஈடாக ஐயாயிரமும் செலவுக்கு ஆயிரமும் கம்பெனி தர வேண்டும். ஆனால் அலர்மேல்மங்கை விஷயம் அப்படி இல்லை. அவர் உண்மையிலேயே வேறு ஆள். அவரைப் புதிதாகச் சேர்த்தது இரண்டு வருடம் கழித்து. அவருக்கு எதிரான புகார் காலம் கடந்ததால் தள்ளுபடி.

தீர்ப்பின் நகலைப் படித்தபோது கைலாசநாதன் அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார். சித்திரையில் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பெயரும் காலத்துக்குள் வந்திருக்கும். அந்த அம்மா தப்பித்ததில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் அது தன்னால் நடந்தது என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கம்பெனி சென்னையில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனது. முத்துத்தாய்க்கு அங்கே போய்வர வசதியில்லை. பிருந்தா இரண்டு முறை போனார். நாற்பது தோட்டக்காரர்களில் நான்கு பேர்தான் வந்து கேட்டார்கள். மற்றவர்கள் குழாயைப் பிடுங்கி எடைக்குப் போட்டிருந்தார்கள். 2003 ஜனவரியில், வட்டியெல்லாம் வேண்டாம், மன்றம் சொன்னதைக் கொடுத்தால் போதும் என்று முத்துத்தாய் தரப்பு ஒத்துக்கொள்ள, சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

கைலாசநாதனை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. கடிதங்களுக்குக் கையெழுத்துப் போடும் வேலையை மட்டும் புதிதாக வந்த கார்த்திகேஷிடம் கொடுத்தார்கள். லெட்டர்பேடும் பில்லும் மாறின. மேலே பதிவான பெயர் முழுசாக, அதன் கீழே நீர்த்துளிப் படம். அபராதம் என்று அவருக்கு எதுவும் வரவில்லை. சௌரிராஜன் முன்போலவே பேசினார், தேவைக்கு மட்டும்.

பணம் கொடுக்கும் நாளில் முத்துத்தாய் வந்தாள். வங்கி டிராப்டை வாங்கி, கைநாட்டு இல்லாமல் திருத்தமாக எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கைலாசநாதனுக்கும் வங்கிப் பக்கம் வேலை இருந்ததால் அவளோடு காளவாசல் வரை நடந்தார். மத்தியான வெயில். நிழற்குடையில் இடமில்லை, இரண்டு பேரும் ஒரு வேப்பமர ஓரத்தில் நின்றார்கள்.

தோட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு ஏக்கர்தான் வெள்ளாமை, மற்றது சும்மா கிடக்கிறது என்றாள். முத்திருளனுக்கு முடியவில்லை. கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. வாய்க்காலில்தான் பாய்ச்சுகிறேன் என்றாள்.

சித்திரையிலேயே பெயரைச் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்க அவர் நினைத்தார். அதற்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் அவளே கேட்டாள்.

“அய்யா, இனிமே ஒரு சாமான் வாங்குனா சீட்டுல எந்தப் பேரப் பாக்கணும்?”

கீழே யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், எந்தப் பெயருக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றார். வரி எண் யாருடையது என்று கேளுங்கள். லிமிடெட் என்று முடிந்தால் கம்பெனி. உரிமையாளர் என்று இருந்தால் அவர் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சரக்கின் பெயராகத்தான் இருக்கும், அதைக் கடைசியில் பாருங்கள்.

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அம்புட்டும் கேட்டா எவன் சாமான் குடுப்பான்?” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். குடுக்க மாட்டார்கள்தான்.

உசிலம்பட்டி பஸ் வந்தது. கூட்டம். அவள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி, படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாரேன் அய்யா என்று சொன்னது பஸ் கிளம்பிய சத்தத்தில் பாதிதான் கேட்டது. கைலாசநாதன் வெயிலில் நடந்து வங்கிக்குப் போனார். அங்கேயும் வரிசை இருந்தது.